சீனத் தொகையை மில்லியனாக்குவதா, நேரே கோடியாக்குவதா?

சீனர்கள் பத்தாயிரத்துக்கு வான் (万) என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். பத்தாயிரம் வான் சேர்ந்தால் ஒரு யீ (亿), அதாவது நம் பத்துக் கோடி. ஆயிரத்துக்கு மேல் நாம் இரண்டு இரண்டு இலக்கமாக ஏறுகிறோம், ஆங்கிலம் மூன்று மூன்றாக ஏறுகிறது, சீனம் நான்கு நான்காக ஏறுகிறது.

நம்மில் பலர் சீனத் தொகையை முதலில் மில்லியனாக்கி, அப்புறம் கோடிக்கு வருகிறார்கள். தமிழில் எழுதுபவருக்கு இது வீண் சுற்று. வானைப் பத்தால் வகுத்தால் லட்சம், யீயைப் பத்தால் பெருக்கினால் கோடி. புள்ளி ஓர் இடம்தான் நகர்கிறது. மில்லியனுக்குப் போனால் வானை நூறால் வகுக்க வேண்டும், யீயை நூறால் பெருக்க வேண்டும். விளம்பரத்தில் 350万 யுவான் என்றிருக்கும் வீட்டின் விலை 35 லட்சம் யுவான். ஆங்கிலத்தில் 3.5 மில்லியன்.

ஆங்கில வழியில் இன்னொரு வழுக்கலும் உண்டு. வானுக்கு அடுத்த பெரிய பெயர் யீ, மில்லியனுக்கு அடுத்தது பில்லியன். அதனால் யீயைப் பார்த்ததும் கை தானாக பில்லியன் என்று எழுதிவிடுகிறது. தொகை பத்து மடங்கு வீங்கிவிடும். பத்து யீதான் ஒரு பில்லியன், அதாவது நூறு கோடி.

சீனாவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மொத்தம் 141178万. பத்தால் வகுத்தால் 14117.8 லட்சம், அதாவது 141.178 கோடி. மில்லியன் வழியில் 1411.78 மில்லியன், அதாவது 1.41 பில்லியன். இரண்டும் ஒன்றுதான். ஆனால் சீன அட்டவணைகளில் 万 என்ற எழுத்து ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் இருக்காது. அலகு என்று பொருள்படும் 单位 என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அட்டவணையின் மேல் மூலையில் ஒரே ஒரு முறை இருக்கும். எண்களை மட்டும் நகலெடுத்தால் அது விடுபட்டு, ஒரு நாட்டின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்கும் கீழே போய்விடும். எனவே எண்ணைத் தொடும் முன் அந்த மூலையைப் பாருங்கள்.

பேச்சில் வேறொரு பொறி இருக்கிறது. 'சான் யீ வூ' (三亿五) என்றால் மூன்று யீயும் ஐந்தும் இல்லை, மூன்றரை யீ. அதாவது 35 கோடி, 350 மில்லியன். கடைசி அலகைச் சீனர்கள் பேச்சில் விட்டுவிடுவார்கள். வெறும் ஐந்தைத்தான் சொல்கிறார்கள் என்றால் நடுவில் 'லிங்' என்ற பூஜ்யம் வரும். சந்தேகம் இருந்தால் எதிரில் இருப்பவரிடம் முழு எண்ணையும் இலக்கங்களில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத் தொகை என்றால் எந்தக் குறுக்குவழியும் வேண்டாம். வானுக்கு நான்கு பூஜ்யம், யீக்கு எட்டு பூஜ்யம் போட்டு முழுதாக எழுதி, வலமிருந்து காற்புள்ளி வையுங்கள். மனக்கணக்கைச் சோதிக்க ஓர் எண் போதும்: சீன மக்கள்தொகை சுமார் 14 யீ, 140 கோடி. உங்கள் கணக்குப்படி அது 14 கோடி என்றோ 1400 கோடி என்றோ வந்தால் புள்ளி ஓர் இடம் தவறியிருக்கிறது.

மிகப் பெரிய தொகைகளில் மட்டும் இரண்டு வழிக்கும் வேறுபாடு இல்லை. வான்-யீ (万亿) என்பது ஆங்கிலத்தில் ஒரு டிரில்லியன், நமக்கு ஒரு லட்சம் கோடி. 2020இல் சீனாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 100万亿 யுவானைத் தாண்டியது. 100 டிரில்லியன் என்றாலும் 100 லட்சம் கோடி என்றாலும் முன்னால் நிற்கும் நூறு அப்படியே இருக்கும், புள்ளியை நகர்த்த வேண்டியதே இல்லை.