ஐஸ் தொழிற்சாலையின் இலாபக் கணக்கும் வோட்டர்ஃபோல் வரைபடமும்: சில வருட அனுபவம்

திருகோணமலையில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுப்பது என் தொழில். மார்ச் 31 உடன் நிதியாண்டு முடிந்ததும் முதலாளிமார் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: போன வருடம் இவ்வளவு இலாபம், இந்த வருடம் இவ்வளவு, இடையில் என்ன நடந்தது? இரண்டு வருட இலாப நட்டக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அவர்கள் கடைசி வரியை மட்டும் பார்ப்பார்கள். அதனால் சில வருடங்களாக எக்செலின் வோட்டர்ஃபோல் வரைபடத்தில் காட்டி வருகிறேன். இடது ஓரத்தில் போன வருட இலாபம் ஒரு தூணாக நிற்கும். அதிலிருந்து ஒவ்வொரு செலவுத் தலைப்பும் இலாபத்தை எவ்வளவு ஏற்றியது, எவ்வளவு இறக்கியது என்று படிப்படியாகப் போய், வலது ஓரத்தில் இந்த வருட இலாபத்தில் முடியும்.

இத்தனை நாள் பயன்படுத்திய பிறகு என் கருத்து இதுதான்: வரைபடம் நல்லது, ஆனால் செலவுத் தலைப்புகளைக் கணக்கேட்டில் இருக்கிறபடியே அதில் போட்டால் முக்கியமான விஷயம் மறைந்துபோகும். அதைக் காட்ட, கொட்பே மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் கட்டி விற்கும் ஒரு தொழிற்சாலையின் 2024/25 கணக்கை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க எண்களை மாற்றி, முழு எண்களாக்கித் தருகிறேன். விகிதங்களும் கதையும் உள்ளபடியே.

போன வருடம் விற்றது 50,000 கட்டி, ஒன்று 400 ரூபா. வருமானம் 200 இலட்சம், தேறிய இலாபம் 20 இலட்சம். இந்த வருடம் விற்றது 60,000 கட்டி, ஆனால் விலை 380 ரூபா. 2024 மார்ச்சிலும் ஜூலையிலும், பிறகு 2025 ஜனவரியிலும் மின்கட்டணம் குறைந்ததால் படகுக்காரர் விலையைக் குறைக்கச் சொல்லி நின்றார்கள், முதலாளியும் குறைத்தார். வருமானம் 228 இலட்சம், இலாபம் 27.6 இலட்சம். அதாவது 7.6 இலட்சம் கூடியிருக்கிறது.

முதலில் வழமையான முறையில் வரைந்தேன். வருமானம் 28 ஏற்றம். மின்சாரம் 80 இலட்சத்திலிருந்து 86.4 ஆனதால் 6.4 இறக்கம். சம்பளம் 11 இறக்கம், டீசல் 6 இறக்கம், இதர செலவு 2 இறக்கம். திருத்த வேலை 12இலிருந்து 9 ஆனதால் 3 ஏற்றம், வட்டி குறைந்ததில் 2 ஏற்றம். பெறுமானத் தேய்வு மாறவில்லை, அதனால் அதற்குத் தூண் இல்லை. கூட்டினால் சரியாக 7.6.

முதலாளி பார்த்தார். அவருடைய கண் சம்பளத் தூணில் போய் நின்றது, செலவுகளில் அதுதானே பெரிசு. "கரன்ட் பில் இந்த முறை பரவாயில்லத்தானே தம்பி, ஆக்களின்ர சம்பளந்தான் கொல்லுது" என்றார். அந்தப் படத்தைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். பத்தாயிரம் கட்டி கூட உற்பத்தி செய்தும் மின்சாரம் 6.4 இலட்சம்தான் கூடியிருக்கிறது என்றால் அது நல்ல செய்தி போலத்தான் தெரியும்.

"அண்ணன், அந்தச் சின்னத் தூணை ஒருக்கா உடைச்சுப் பார்ப்பம்" என்று சொல்லி மின்பட்டியல்களையும் உற்பத்திப் பதிவேட்டையும் எடுத்தேன். ஐஸ் தொழிலில் கேட்க வேண்டிய எண், ஒரு கட்டிக்கு எத்தனை யூனிட் மின்சாரம் போகிறது என்பது. போன வருடம் 2,00,000 யூனிட்டில் 50,000 கட்டி, ஆகவே கட்டிக்கு 4 யூனிட். இந்த வருடம் 2,70,000 யூனிட்டில் 60,000 கட்டி, கட்டிக்கு 4.5 யூனிட். நிலையான கட்டணத்தையும் சேர்த்து ஒரு யூனிட்டின் சராசரி விலை 40 ரூபாவிலிருந்து 32 ரூபாவாக இறங்கியிருக்கிறது.

இப்போது அந்த 6.4 இலட்சத்தைப் பிரிக்கலாம். பழைய மெஷின் நிலையில், பழைய விலையில் பத்தாயிரம் கட்டி கூடச் செய்திருந்தால் 40,000 யூனிட் அதிகம், 16 இலட்சம். கட்டிக்கு அரை யூனிட் கூடப் போனதால் 60,000 கட்டிக்கு 30,000 யூனிட், பழைய விலையில் 12 இலட்சம். 2,70,000 யூனிட்டுக்கும் எட்டு ரூபா குறைந்ததில் 21.6 இலட்சம் மிச்சம். 16உம் 12உம் சேர்ந்து 28, அதில் 21.6 போக 6.4.

ஒரு சின்னத் தூணுக்குள் மூன்று பெரிய தூண்கள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றன. கட்டணக் குறைப்பு மெஷினின் வீணடிப்பை மூடிவிட்டது. வரைபடத்தில் தூண் சின்னதாக இருந்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிரெதிரான இரண்டு மாற்றங்கள் சந்தித்த இடமாகவும் அது இருக்கலாம்.

ஆகவே வரைபடத்தை இப்படி மாற்றி வரைந்தேன். கூட விற்ற பத்தாயிரம் கட்டியின் வருமானம் பழைய விலையில் 40 இலட்சம். 60,000 கட்டிக்கும் இருபது ரூபா குறைந்ததில் 12 இலட்சம் இறக்கம், அது தனித் தூண். கூட விற்ற கட்டிகளுக்கான மின்சாரம் 16 இலட்சம். அந்த 40ஐயும் 16ஐயும் தனித்தனித் தூணாக வைக்காமல், கூட விற்றதால் வந்த பலன் என்று 24 இலட்சத்துக்கு ஒரே தூண். விற்பனை கூடினால் அதனோடு சேர்ந்து கூடும் செலவை இலாபத்தைத் தின்ற செலவு என்று காட்டுவது நியாயமில்லை.

```
A                        D
போன வருட இலாபம்          20.0
கூட விற்ற பலன்           24.0
விலைக் குறைப்பு         -12.0
மின்கட்டணக் குறைப்பு     21.6
கட்டிக்குக் கூடிய யூனிட் -12.0
சம்பளம்                 -11.0
டீசல்                    -6.0
திருத்த வேலை              3.0
வட்டி                     2.0
இதர செலவு                -2.0
இந்த வருட இலாபம்         27.6
```

இந்தப் படத்தைப் பார்த்ததும் முதலாளி சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. கட்டிக்குக் கூடிய யூனிட் என்ற தூணில் விரலை வைத்து, "இது என்ன இது?" என்றார்.

பதில் சொல்வதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. விற்ற கட்டியை வைத்துத்தான் நான் வகுத்திருந்தேன். செய்த கட்டிகள் விற்காமல் கரைந்திருந்தாலும் இதே எண் கூடும். மாரி காலத்தில் படகுகள் போகாத நாட்களில் அப்படி நடப்பதுண்டு. உற்பத்திப் பதிவேட்டையும் விற்பனைப் பட்டியல்களையும் ஒப்பிட்டபோது கரைந்தது இரண்டு வருடமும் ஏறத்தாழ ஒரே அளவு. மாத வாரியாகப் பிரித்ததில், கட்டிக்கான யூனிட் ஒரே நாளில் பாயாமல் ஆவணியிலிருந்து மெல்ல மெல்ல ஏறியிருந்தது. மெஷின் பார்க்கிறவரைக் கூப்பிட்டார்கள். அமோனியா கண்டென்சரின் அழுத்தமானி வழமைக்கு மேலே காட்டியது. கிணற்று நீரின் சுண்ணாம்பு குழாய்களில் படிந்து, வெப்பம் வெளியேறாமல் கம்பிரசர் கூட நேரம் ஓடியிருக்கிறது. வருடாந்தக் கண்டென்சர் சுத்திகரிப்பைச் செலவு என்று அந்த வருடம் தள்ளிப்போட்டிருந்தார்கள். திருத்த வேலையில் தெரிந்த அந்த 3 இலட்சம் ஏற்றம் அங்கிருந்து வந்ததுதான். பச்சையாக நின்ற 3 இலட்சமும் சிவப்பாக நின்ற 12 இலட்சமும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். இப்போது நான் இந்த இரண்டு தூணையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்கிறேன்.

அந்த 12 இலட்சம் அசையாத உண்மை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூடப்போன 30,000 யூனிட்டைப் பழைய விலை 40 ரூபாவில் கணக்கிட்டால் 12 இலட்சம். புதிய விலை 32இல் கணக்கிட்டால் 9.6 இலட்சம். அந்த 2.4 வித்தியாசம் கட்டணத் தூணில் குறையும், மொத்தம் மாறாது. எது சரி என்று வாதாடத் தேவையில்லை. ஒரு முறையைத் தேர்ந்து, படத்தின் அடியில் எழுதி, ஒவ்வொரு வருடமும் அதையே பின்பற்ற வேண்டும். ஆனால் சுத்திகரிப்புக்குச் செலவழிப்பது தகுமா என்று முடிவெடுக்கும்போது இன்றைய விலையைத்தான் பார்க்க வேண்டும், 9.6ஐத்தான் சொல்ல வேண்டும்.

எக்செலில் வரைவது லேசு. 2016 பதிப்பிலிருந்து Insert பட்டியலில் Waterfall இருக்கிறது. வரைந்ததும் கடைசித் தூண் அந்தரத்தில் மிதக்கும். அதை மட்டும் தெரிவு செய்து, வலப்பக்கச் சொடுக்கில் Set as total கொடுத்தால் அடியிலிருந்து நிற்கும். வருமானத்துக்கு இந்த வருடத்திலிருந்து போன வருடத்தைக் கழிக்க வேண்டும். செலவுக்கு மறுபக்கமாக, போன வருடத்திலிருந்து இந்த வருடத்தை. இதை மாற்றிப் போட்டால் கூடிய செலவு ஏற்றமாகத் தெரியும். அதனால் தாளின் அடியில் இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை, மேலே காட்டிய பட்டியல் தாளின் இரண்டாம் வரியில் தொடங்குகிறது, விடை பூச்சியம் வர வேண்டும்:

```
=ROUND(SUM(D2:D11)-D12,1)
```

பழைய எக்செல் வைத்திருப்பவரிடம் கோப்பு போனால் படம் வராது, வெறும் பெட்டிதான் தெரியும். எனவே படமாக்கியோ பிடிஎஃப் ஆக்கியோ அனுப்புகிறேன். முதலாளிமார் வட்ஸ்அப்பில்தான் பார்க்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு தூணுக்கு மேல் போனால் தொலைபேசித் திரையில் எழுத்து தெரியாது. சின்னத் தலைப்புகளை இதர செலவில் சேர்த்துவிடலாம். ஆனால் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்த்துவிட்டுத்தான், காரணம் மேலே சொன்னதுதான்.

நேரம் உண்மையில் போவது வரைவதில் அல்ல, இரண்டு வருடத்தையும் ஒரே மாதிரி ஆக்குவதில். மார்ச் மாத மின்பட்டியல் ஏப்ரலில் வரும். போன வருடம் அதை அட்டுறு செலவாகச் சேர்க்காமல் விட்டு, இந்த வருடம் சேர்த்திருந்தால் போன வருடத்தில் 11 மாதமும் இந்த வருடத்தில் 13 மாதமும் இருக்கும். மின்சாரத் தூண் முழுவதும் பொய். ஒவ்வொரு வருடத்துக்கும் 12 பட்டியல் இருக்கிறதா என்று நான் கையால் எண்ணிப் பார்க்கிறேன். அதே போல லொறிச் சாரதியின் மேலதிக நேரக் கொடுப்பனவு ஒரு வருடம் போக்குவரத்திலும் மறு வருடம் சம்பளத்திலும் இருந்தால், நடக்காத இரண்டு மாற்றங்கள் படத்தில் நிற்கும். முதலாளி கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 வீதத்தையும் சம்பளத்தோடே சேர்க்கிறேன், சம்பளம் கூடினால் அவையும் கூடும் என்பதால்.

எல்லாத் தொழிலுக்கும் இந்தப் பிரிப்பு கைகொடுக்காது. நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்குச் செய்து பார்த்தேன். மின்சாரம் அறைக்கா, சமையலறைக்கா, தண்ணீர் மோட்டருக்கா என்று பிரிக்கத் தனி மீட்டர் இல்லை. அங்கே மின்சாரத்தை ஒரே தூணாகத்தான் விட்டேன். எண்ணிக்கையும் விலையும் தனித்தனியாகப் பதிவில் இருக்கும் செலவை மட்டும் உடைக்கலாம். பதிவில்லாததை ஊகித்து உடைத்தால் படம் அழகாக வரும், நம்ப முடியாது.

ஐஸ் தொழிற்சாலையில் கண்டென்சரைச் சுத்தம் செய்த பின் கட்டிக்கு 4.1 யூனிட்டுக்கு இறங்கியிருக்கிறது. மீதி 0.1 உவர்நீர்த் தொட்டியின் பழைய காப்புறையால் இருக்கலாம் என்கிறார் மெஷின் பார்க்கிறவர். முதலாளி இப்போது மாதம் முடிந்ததும் மின்பட்டியலின் தொகையைக் கேட்பதில்லை, யூனிட்டைத்தான் கேட்கிறார்.