80க்கு மேல் போனால் விற்கணுமா? ஸ்டோகாஸ்டிக்கோடு என் அனுபவம்

பாபநாசம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். கொஞ்சம் நிலமும் உண்டு. 2019 கடைசியில் பங்குச் சந்தைக்குள் வந்தேன். அன்றிலிருந்து என் சார்ட்டின் அடியில் ஸ்டோகாஸ்டிக் என்ற இண்டிகேட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்று ஒரு முறை முடிவே செய்துவிட்டேன். எடுக்காமல் போன கதைதான் இது.

முதலில் அது என்ன அளக்கிறது என்று பார்த்துவிடலாம்.

```
%K = 100 × (C − L14) / (H14 − L14)
```

கடந்த 14 நாளில் தொட்ட உச்சவிலை H14, அடிவிலை L14, இவற்றுக்கு நடுவே இன்றைய முடிவு விலை C எங்கே நிற்கிறது, அவ்வளவுதான் கணக்கு. அடியில் நின்றால் 0, உச்சியில் நின்றால் 100. அதன் மூன்று நாள் சராசரி %D. நான் வைத்திருப்பது 14, 3, 3 என்ற மந்தமான வகை. அதில் %Kயையே ஒரு தடவை மூன்று நாளுக்குச் சராசரி போட்டுத்தான் காட்டும். 80க்கு மேல் ஓவர்பாட், அதாவது அளவுக்கு மீறி வாங்கியாச்சு; 20க்குக் கீழ் ஓவர்சோல்ட், அளவுக்கு மீறி விற்றாச்சு என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். அடி வாங்கியதும் அதில்தான்.

இதே மாதிரி 0க்கும் 100க்கும் நடுவே ஓடும் இன்னொரு இண்டிகேட்டர் ஆர்எஸ்ஐ, ஆனால் அது வேறு ஜாதி. வைல்டர் 1978இல் கொடுத்தது. அது உச்சத்தையும் அடியையும் பார்ப்பதே இல்லை. முடிவு விலை ஏறிய நாட்களில் எத்தனை ரூபாய் ஏறியது, இறங்கிய நாட்களில் எத்தனை ரூபாய் இறங்கியது என்று ஒப்பிடுகிறது. ஒரு பங்கு 14 நாளாக 198க்கும் 202க்கும் நடுவே தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதெல்லாம் சேர்த்து 7 ரூபாய், இறங்கியதெல்லாம் சேர்த்து 6 ரூபாய். எளிய சராசரியில் ஆர்எஸ்ஐ 54 வரும். ஆனால் இன்று 201.80இல் முடிந்திருந்தால் சராசரி போடாத %K 95! நாலு ரூபாய் வீச்சுக்குள் நின்றுகொண்டு ஸ்டோகாஸ்டிக் கத்தும், ஆர்எஸ்ஐ ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லும். இரண்டும் பொய் இல்லை, கேட்ட கேள்விதான் வேறு.

இன்னொரு வித்தியாசம் எனக்குப் பிடிபட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 14 நாள் அடி 180, உச்சம் 200, விலை 198 என்றால் %K 90. விலை அப்படியே இருக்க, அந்த 180ஐத் தொட்ட பழைய நாள் மட்டும் கணக்கிலிருந்து நழுவி, புது அடி 192 ஆனால் %K 75. விலை நகரவே இல்லை, எண் மட்டும் 15 குறைந்துவிட்டது. நான் இதைப் பார்த்து "பலம் குறையுது" என்று விற்றிருக்கிறேன். ஆர்எஸ்ஐயில் பழைய நாளின் எடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும், அதனால் இந்தத் திடீர்ச் சரிவு வராது. ஸ்டோகாஸ்டிக் சட்டென்று விழுந்தால் முதலில் 15 நாளைக்கு முன் என்ன நடந்தது என்று பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

சரி, பெரிய அடிக்கு வருகிறேன். டிசம்பர் 2023. நிஃப்டி இடிஎஃப் கையில் இருந்தது. சட்டமன்றத் தேர்தல் முடிவுகளுக்கு மறுநாள், 4ஆம் தேதி, நிஃப்டி ஒரே நாளில் 20,267இலிருந்து 20,686க்குப் போனது. சராசரி போடாத %K 98ஐத் தாண்டியது. ஆர்எஸ்ஐயும் அதன் ஓவர்பாட் எல்லையான 70க்கு மேல். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். 12ஆம் தேதி 20,906இல் முடிந்தது. மந்தமான %K மேலேயிருந்து திரும்பி %Dஐக் கீழ்நோக்கி வெட்டியது. புத்தகத்தில் சொன்னபடி அது விற்கும் அடையாளம். மறுநாள் மொத்தத்தையும் விற்றேன்.

15ஆம் தேதி நிஃப்டி 21,456. ஐந்நூறு புள்ளிக்கு மேல் கண் முன்னாலேயே ஏறிப் போனது. 20ஆம் தேதி பெரிய சரிவு வந்தபோது "அப்பவே சொன்னேன்ல" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்றைய முடிவு 21,150. சந்தை சரிந்த நாளின் விலையே நான் விற்ற விலைக்கு மேலே! 28ஆம் தேதி 21,778இல் முடிந்தது.

இதைச் சித்தப்பாவிடம் புலம்பினேன். அவருக்குப் பங்குச் சந்தை தெரியாது, மேட்டூர் தெரியும். "ஏன்டா, டேம் 120 அடி ரொம்பிடுச்சுன்னா மறுநாள்லேருந்து தண்ணி கொறையும்னு யாராவது சொன்னாங்களா? வரத்து நிக்கிற வரைக்கும் 120லதான் நிக்கும்" என்றார். அதன் பிறகுதான் சூத்திரத்தை மறுபடி பார்த்தேன். ஏறுமுகம் என்றால் விலை பெரும்பாலும் 14 நாள் உச்சத்தை ஒட்டியே முடியும். அப்படி முடிந்தால் %K 80க்கு மேல்தான் நிற்கும். ஏற்றத்தின் இலக்கணத்தையே ஏற்றம் முடிந்ததற்கு அறிகுறி என்று படித்திருக்கிறேன். அந்த உயரத்தில் %Kயும் %Dயும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது, ஒரு நாள் சும்மா இருந்தாலே நடக்கும். ஆர்எஸ்ஐயும் வாரக்கணக்கில் 70க்கு மேல் நிற்கும்தான். ஆனால் அதில் வெட்டிக்கொள்ள இரண்டாவது கோடு இல்லாததால் இவ்வளவு ஆசை காட்டாது.

இறங்குமுகத்திலும் இதே கதைதான். 28 பிப்ரவரி 2020இல் நிஃப்டி 11,201, %K அடிமட்டத்தில். மலிவு என்று வாங்கினேன். மார்ச் 23இல் 7,610.

இப்போது எப்படிப் பயன்படுத்துகிறேன் என்றால், ஏறுமுகத்தில் விற்கும் அடையாளத்தைக் கண்டுகொள்வதே இல்லை. இறங்கி எழுவதை மட்டும் பார்க்கிறேன். 2023 டிசம்பர் 20இல் சராசரி போடாத %K 70 பக்கம் வரைதான் விழுந்தது. 50க்கு மேலேயே நின்று திரும்பினால் ஏற்றம் இன்னும் சூடாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். ஜனவரி 2024இல் நன்றாகவே விழுந்தது. 23ஆம் தேதி நிஃப்டி 21,238, %K 10க்கும் கீழே. ஆர்எஸ்ஐ மட்டும் அதன் ஓவர்சோல்ட் எல்லையான 30ஐத் தொடவே இல்லை, 40களில் நின்றது. பெரிய ஏற்றத்துக்கு நடுவே வரும் இறக்கத்தில் இரண்டும் இப்படிப் பிரிந்து நின்றால் எனக்குப் பிடிக்கும். மந்தமான %K 20ஐத் தெளிவாக மேலே கடந்தது 29ஆம் தேதி. அன்று சம்பா அறுவடை, மிஷின்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் வயல் வரப்பில் நின்றபடி ஆர்டர் போட்டேன். அன்றைய முடிவு 21,737. மார்ச் முதல் வாரத்தில் 22,400ஐத் தாண்டியது.

குறையையும் சொல்லணும். 24ஆம் தேதி தொட்ட அடி 21,137. நான் வாங்கியது கிட்டத்தட்ட 600 புள்ளி மேலே. மூன்று நாள் சராசரியைக் குறைத்தால் சீக்கிரம் சொல்லும், ஆனால் பொய்யும் கூடும். நான் தாமதத்தையே எடுத்துக்கொண்டேன். அப்புறம், ஏற்றம் முடிந்து நிஜமாகவே இறங்குமுகம் தொடங்கும்போதும் முதல் தடவை 20க்குக் கீழே போவது இதே மாதிரிதான் இருக்கும். முதல் எழுச்சியில் %K மறுபடி 80ஐத் தொடாமல் திரும்பினால், ஆர்எஸ்ஐயும் 60க்குள்ளேயே மடங்கினால், வாங்கியதை விட்டு வெளியே வந்துவிடுகிறேன். இந்த வழியில் இரண்டு முறை சின்ன நஷ்டம் வந்தது.

பக்கவாட்டில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடக்கும் பங்குகளில் மட்டும் 80, 20 இன்றும் பழைய பாடப்படியே வேலை செய்கிறது. அங்கே ஆர்எஸ்ஐ 45க்கும் 55க்கும் நடுவே அசையாமல் கிடக்கும், அதனால் அந்த சார்ட்டுகளில் அதை வைப்பதில்லை.