மொட்டை மாடியா, ஓட்டுக் கூரையா: பெருமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் தவறும்?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த அளவை மணிக்கணக்கில் பிரித்தால் மணிக்கு 40 மில்லிமீட்டர்தான் வருகிறது. முறையாக அமைத்த எந்தக் கூரை வடிகாலும் தாங்கக்கூடிய அளவு அது. கூரையைத் திணறடிப்பது நாள் முழுவதும் பெய்யும் மொத்த மழை அன்று, நடுவில் ஐந்து பத்து நிமிடங்களுக்கு மணிக்கு 100, 150 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழைதான். ஆகவே தட்டைத் தளத்தையும் சரிவுக் கூரையையும் ஒப்பிடும்போது, அந்தச் சில நிமிடங்களில் ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும், வடிகால் தோற்றுவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வருமா வெளியே விழுமா என்பதையும் பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

நாற்பதுக்கு முப்பது அடியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியின் பரப்பு 1,200 சதுர அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் அதன்மேல் நொடிக்கு ஏறத்தாழ 3.1 லிட்டர் தண்ணீர் சேரும். தேசியக் கட்டட விதித் தொகுப்பின் அட்டவணை, இந்த மழைக்கு ஒரு நான்கு அங்குலக் குழாய்க்கு 42.7 சதுர மீட்டர் கூரை என்று கணக்கிடுகிறது. எனவே மூன்று குழாய்கள் வேண்டும். மழையின் வேகத்தை 150 மில்லிமீட்டர் என்று கொண்டால் அதே குழாய்க்கு 28.5 சதுர மீட்டர்தான், ஆகவே நான்கு. நடைமுறையில் இந்த அளவுள்ள வீடுகள் பலவற்றில் இரண்டு குழாய்களே இருக்கின்றன, அவற்றிலும் ஒன்று மூன்று அங்குலமாக இருக்கும்.

இந்த அட்டவணை அளவுக்கு மீறிய எச்சரிக்கையோடு எழுதப்பட்டது என்று சில கட்டட மேஸ்திரிகள் சொல்வதுண்டு. செங்குத்தாக இறங்கும் நான்கு அங்குலக் குழாய் இதைவிடப் பல மடங்கு தண்ணீரைக் கொண்டுபோகும் என்பது உண்மைதான். ஆனால் சிக்கல் குழாயில் இல்லை, அதன் வாயில் இருக்கிறது. கைப்பிடிச் சுவரைத் துளைத்துப் படுக்கையாக வைக்கப்படும் குழாய்க்குள் தண்ணீர் நுழைய வேண்டுமானால், வாய்க்கு முன்னால் ஓரளவு ஆழத்துக்குத் தேங்கி நின்றாக வேண்டும். நொடிக்கு 1.2 லிட்டர் போவதற்கே சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் தேவைப்படுகிறது, அதுவும் வாயில் சல்லடை இல்லாதபோது. மூன்று குழாய்களில் இரண்டு அடைபட்டு, முழுத் தண்ணீரும் ஒன்றன் வழியே போக வேண்டி வந்தால் ஆழம் 8 சென்டிமீட்டரைத் தொடும். குழாய் வாயைச் சுற்றி ஒரு சதுர அடி அளவுக்குத் தளத்தைக் கூடுதலாகத் தாழ்த்திக் கிண்ணம் போலப் பூசுவதன் காரணம் இதுதான். தேங்க வேண்டிய ஆழம் அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே பெருமளவு கிடைத்துவிடும்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் குழாயை நோக்கி ஓடத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவு. நூற்றுக்கு ஒன்று போதுமா, அறுபதுக்கு ஒன்று வேண்டுமா என்பது தளம் போடும் ஒவ்வொரு முறையும் எழும் வாக்குவாதம். தண்ணீர் ஓடுவதற்கு நூற்றுக்கு ஒன்று தாராளம். ஆனால் கான்கிரீட் தளம் கட்டிய நாளில் இருந்த மட்டத்திலேயே என்றும் இருப்பதில்லை. நான்கு மீட்டர் அகலமுள்ள ஓர் அறையின் தளம், காலப்போக்கில் நடுவில் 16 மில்லிமீட்டர் வரை தாழ்வது விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு உட்பட்டதே. நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டத்தில், அறையின் நடுவிலிருந்து தாழ்ந்த பக்கத்துச் சுவர் வரையுள்ள இரண்டு மீட்டருக்கு இறக்கம் 20 மில்லிமீட்டர்; அதில் 16 போனால் மிஞ்சுவது 4. மட்டப்பலகையின் சிறு பிசகும் மேலே பதிக்கும் தட்டோட்டின் விளிம்பும் அந்த நான்கைத் தின்றுவிடும். அறுபதுக்கு ஒன்று வைத்திருந்தால் இறக்கம் 33, மிஞ்சுவது 17. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு முதல் ஆண்டில் தெரியாது, ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத் தெரியும்.

அதற்கு விலையும் உண்டு. முப்பது அடி அகலம் முழுவதற்கும் ஒரே பக்கமாக அறுபதுக்கு ஒன்று வாட்டம் வைத்தால், உயர்ந்த பக்கத்தில் தளத்தின்மேல் 20 சென்டிமீட்டர் கனத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் ஏற்ற வேண்டியிருக்கும். நடுவில் மேடு வைத்து இரு பக்கமும் இறக்கினால், குழாய்ப் பக்கம் 5 சென்டிமீட்டரில் தொடங்கி நடுவில் 12.5 சென்டிமீட்டரில் முடித்துவிடலாம். அப்போதும் வெதரிங் கோர்ஸ் எனப்படும் இந்த அடுக்கின் எடை சதுர மீட்டருக்குச் சராசரியாக 170 கிலோ ஆகிறது. வடிவமைப்பாளர் இதை முன்பே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். பழைய தளத்தின்மேல் வாட்டம் சரியில்லையென்று இன்னொரு அடுக்கு போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதை அறிய ரசமட்டம்கூடத் தேவையில்லை. மழை விட்ட மறுநாள் மாடிக்குப் போய், இன்னும் காயாமல் நிற்கும் குட்டைகளின் ஓரத்தைச் சாக்கட்டியால் வரைந்து வைத்தால் போதும். மழையில்லாத காலத்திலும் அந்த இடங்கள் தம்மைக் காட்டிக்கொடுக்கும்: பாசி காய்ந்த கருவளையமும், நடுவில் படிந்து வெடித்த மெல்லிய வண்டலும் அங்கே இருக்கும். வளையம் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருந்தால், கீழே அந்தச் சுவரின் மேல்மூலையில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி அதே வீட்டுக்குச் சீமை ஓட்டுக் கூரை. சுற்றிலும் இரண்டு அடி இறவாணம் விட்டால் கூரை மறைக்கும் தரைப்பரப்பு 139 சதுர மீட்டராக உயர்கிறது. ஒவ்வொரு சரிவுக்கும் சுமார் 70. காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழைக்காகக் கூரை உயரத்தில் பாதியையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்ல வழக்கம். அப்படிச் சேர்த்தால் ஒரு சரிவுக்கு 87 சதுர மீட்டர், நொடிக்கு 2.4 லிட்டர். இறவாண விளிம்பில் தண்ணீரை ஏந்தும் ஆறு அங்குல அரைவட்டக் கட்டரை, நடுவில் உயர்த்தி இரு முனைகளுக்கும் இருநூறுக்கு ஒன்று இறக்கி வைத்தால், ஒவ்வொரு பாதியும் 1.2 லிட்டரை எளிதாகக் கடத்திவிடும். அதன் கொள்ளளவு அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

ஆனாலும் ஓட்டுக் கூரைக்கு ஒரு குறை உண்டு. மொட்டை மாடி சில சென்டிமீட்டர் தண்ணீரைத் தன்மேல் தாங்கி மெல்ல விடும். சரிவுக் கூரைக்கு அந்த அவகாசம் கிடையாது. விழுந்த தண்ணீர் சில நொடிகளில் கட்டருக்கு வந்துவிடுவதால், கட்டரை மிகக் கடுமையான ஐந்து நிமிட மழைக்கே அளந்து செய்ய வேண்டும். அது நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்றால், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது; தண்ணீர் வாசலிலோ தோட்டத்திலோ விழும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கட்டரே இல்லாத ஓட்டு வீடுகள் இரண்டு பருவமழைகளையும் சமாளிப்பது, இறவாணம் நீண்டிருப்பதாலும் கீழே கருங்கல் பாவிய வாய்க்கால் இருப்பதாலும்தான்.

ஓடு தண்ணீரைத் தடுப்பதில்லை, தள்ளிவிடுகிறது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் அடைப்பு எதுவும் கிடையாது. அதனால் சரிவு இரண்டுக்கு ஒன்றுக்குக் குறைந்தால், கீழ் வரிசை ஓடுகளின் பள்ளம் நிறைந்து, காற்று தண்ணீரை மேல்நோக்கித் தள்ளி, ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் வழியாக உள்ளே விடும். முன்பக்கம் அழகாகத் தெரியட்டும் என்று கூரையைத் தாழ்த்திக் கட்டிய வீடுகளில் ஒழுகுவது இதனால்தான். ‘ல’ வடிவ வீடுகளில் இரண்டு சரிவுகள் சேரும் உள்மூலை இன்னும் மோசமானது. கூரை இரண்டுக்கு ஒன்றாக இருந்தாலும் அந்த மூலைக் கோட்டின் சரிவு 2.8-க்கு ஒன்றுதான், இரு பக்கத் தண்ணீரும் அங்கேதான் வருகிறது, வேப்பிலையும் தென்னங்குரும்பையும் அங்கேதான் தங்குகின்றன. அந்த மூலையில் பதிக்கும் தகட்டை ஓட்டுக்கு அடியில் இருபுறமும் தாராளமாக நுழைத்து, நடுவில் கை நுழைந்து குப்பையை அள்ளும் அளவுக்கு இடம் விட வேண்டும். முகப்புக்காகச் சரிவின் அடியில் கைப்பிடிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் வாய்க்கால் ஒளித்து வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. வெளியே வழிய வேண்டிய தண்ணீரை வீட்டுக்குள் திருப்பிவிடும் ஏற்பாடு அது.

மொட்டை மாடி தோற்பதோ எப்போதும் உள்நோக்கித்தான். எல்லாக் குழாய்களும் அடைபட்டால், மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை ஒரு மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு 100 கிலோ சுமையாகிறது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு விதிகள் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை ஏறத்தாழ 150 கிலோ. ஒன்றரை மணி நேரத்தில் அது நிறைந்துவிடும். அதற்கு முன்பே மாடிப்படிக் கதவின் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் படிக்கட்டில் அருவியாக இறங்கியிருக்கும். இதற்கு மாற்று மிக மலிவானது: கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில், வெறுமனே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வழிவுக் குழாய்கள். அவற்றை மழைநீர்த் தொட்டியோடு இணைக்கக் கூடாது. அவற்றில் தண்ணீர் விழுவது தெருவுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் கீழ்க் குழாய்கள் அடைபட்டுவிட்டன என்பதற்கு அதுவே அறிவிப்பு. மாடிக் கதவின் வாசற்படி அவற்றைவிட ஐந்து சென்டிமீட்டராவது உயரமாக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய சென்னை மனையில் ஓட்டுக் கூரைக்கு இடமே இல்லை. இறவாணத் தண்ணீர் அடுத்தவர் மனையில் விழும். அங்கே அறுபதுக்கு ஒன்று வாட்டமும் நான்கு குழாய்களும் வழிவுக் குழாய்களும் உள்ள மொட்டை மாடியே சரி. சுற்றிலும் இடமிருந்தால், நாகர்கோவில் போன்ற ஊரில், நான் சரிவையே தேர்ந்தெடுப்பேன். கடலோரப் புயல் காற்றுக்கு ஓரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் கம்பியால் கட்டியோ கலவையில் பதித்தோ வைக்க வேண்டும்.

ஒழுகும் மாடியின்மேல் இரும்புச் சட்டமிட்டுத் தகர ஷீட் போடுவது இப்போது எங்கும் பரவியிருக்கிறது. திருகாணி வைத்த சாதாரண ஷீட்டுக்குப் பத்துக்கு ஒன்றாவது சரிவு வேண்டும். ஷீட்டுக்குக் கட்டர் வைக்காமல் விட்டால், பாதிக் கூரையின் தண்ணீரும் பழைய தளத்தில் ஒரே கோட்டில் விழுந்து, ஏற்கெனவே வாட்டம் கெட்ட இடத்தில் தட்டோட்டின் இணைப்புகளை அரித்தெடுக்கும். கட்டர் வைத்து, அதன் குழாயைப் பழைய மாடிக் குழாய்களில் சேர்க்காமல் தரை வரை தனியாக இறக்குவதே முறை.