கொட்பேயில ஐஸ் பிளாண்ட்: பழைய மெசினா புது மெசினா, 18 வீத வட்டியில எது தேறும்

திருகோணமலையில கொட்பே துறைமுகத்துப் பக்கம் கட்டி ஐஸ் அடிக்கிற பிளாண்ட் ஒண்டு போடப் போற ஆள் ஒருத்தருக்கு முன்னால ரெண்டு வழி இருக்கு எண்டு வைப்பம். ஒண்டு, ஏற்கனவே ஓடின அமோனியா கம்ப்ரஸரும் உப்புத்தண்ணி டேங்கும் சேர்ந்த பழைய செற், விலை 120 லட்சம், கரண்ட் பில், சம்பளம், ரிப்பேர் எல்லாம் போக வருசம் 40 லட்சம் கையில நிக்கும், 5 வருசம் ஓடும். மற்றது புது மெசின், விலை 240 லட்சம், கரண்ட் குறைய இழுக்கும், அதால வருசம் 50 லட்சம் நிக்கும், 12 வருசம் ஓடும். தொகை எல்லாம் கணக்குக்காக நான் வைச்சது, உங்கட இடத்துக்கு உங்கட தொகையைப் போட்டுக்கொள்ளுங்கோ.

வாயால கணக்குப் பாக்கிற ஆக்கள் ரெண்டு விதமாச் சொல்லுவினம். மொத்த வருமானத்தில விலையைக் கழிச்சா பழசு 80 லட்சம், புதுசு 360 லட்சம், அப்ப புதுசுதான். இல்ல, போட்ட காசு எப்ப திரும்பும் எண்டு பாத்தா பழசு 3 வருசம், புதுசு 4.8 வருசம், அப்ப பழசுதான். ரெண்டு பேருமே பத்தாம் வருசத்து ரூபாயையும் நாளைக்கு வாற ரூபாயையும் ஒரே ரூபாயா எண்ணுகினம், அதால இந்த ரெண்டு விடையையும் நான் இதோட விட்டுடுறன். வட்டியைச் சேர்த்துப் பாக்கிற முறையிலதான் உண்மையான சண்டை இருக்கு. அங்கேயும் முறையை மாத்தினா விடை தலைகீழா மாறுது.

வங்கியில ஒரு வருச நிலையான வைப்புக்கு 18 வீதம், முதிர்வில ஒரேயடியா வட்டி, அந்தக் காசைத்தான் எடுத்து பிளாண்டில போடப் போறம் எண்டு எடுப்பம். வழக்கமா எல்லாரும் போடுறது வருச முடிவு அட்டவணை. இண்டைக்கு வங்கியில போடுற 1 ரூபாய் வருச முடிவில 1.18 ஆகுது, அதால பின்னுக்கு வாற காசை இண்டையப் பெறுமதிக்குக் கொண்டு வரப் பிரிக்க வேணும்: முதலாம் வருச வருமானத்தை 1.18 ஆல பிரி, ரெண்டாம் வருசத்தை 1.18 இன் வர்க்கத்தால பிரி, அப்பிடியே போய்க் கடைசியில கூட்டு. பழைய மெசினுக்கு 125.1 லட்சம் வருது, விலையைக் கழிச்சா 5.1 லட்சம் தேறுது. புது மெசினுக்கு 239.7 லட்சம், 240 கொடுத்து வாங்கினா 30 ஆயிரத்துக்கு மேல நட்டம். ஆக அட்டவணைப்படி புதுசை வாங்கவே கூடாது.

இந்த அட்டவணை ஐஸ் பிளாண்டுக்குப் பொருந்தாது. வருச வருமானம் முழுக்க டிசம்பர் 31ல ஒரே கட்டா வருது எண்டு அது நினைக்குது, ஆனா ஐஸ் விடிய விடிய விக்குது, படகுகள் ஏத்தேக்க காசு வருது, அந்தக் காசு அண்டைக்கே வங்கிக்குப் போகலாம், கடனைக் கட்டலாம். வருசத் தொடக்கத்தில வந்த ரூபாய்க்கும் கடைசியில வந்த ரூபாய்க்கும் சேர்த்து ஒரு முழு வருச வட்டியைக் கழிக்கிறது அநியாயம். சராசரியாப் பாத்தா அரை வருசம்தான் கழிக்க வேணும்.

உயர்தரத்தில இணைந்த கணிதத்தில படிச்ச தொகையிடல் இங்கதான் வேலைக்கு வருது. வருசம் K ரூபாய் வீதத்தில வருமானம் ஓடிக்கொண்டே இருந்தா, t நேரத்தில dt எண்ட சின்னத் துண்டு நேரத்துக்குள்ள வாறது K·dt. அதை இண்டைக்குக் கொண்டு வர e^(−rt) ஆல பெருக்கிறம். எல்லாத் துண்டையும் 0 இலிருந்து மெசின் ஓடி முடியிற T வருசம் வரை கூட்டினா இற்றைப் பெறுமதி:

```
PV = ∫₀ᵀ K·e^(−rt) dt = K·(1 − e^(−rT)) / r
```

இதில r க்கு 0.18 எண்டு அப்பிடியே போட்டுடக் கூடாது. கனபேர் தவறுற இடம் இதுதான். e^(−rt) எண்டு எழுதேக்க r எண்டது கணத்துக்குக் கணம் முதலோட சேருற வட்டியின்ர வீதம். வருச முடிவில 18 வீதம் தாற வைப்புக்கு e^r = 1.18 ஆக இருக்க வேணும், அப்ப r = ln 1.18 = 0.1655. 0.18ஐயே போட்டா வருச முடிவில 19.7 வீதம் கேட்ட மாதிரி ஆகிடும்.

பழைய மெசின்: rT = 0.8276, e^(−0.8276) = 0.4371, ஒண்டில இருந்து கழிச்சா 0.5629, அதை 0.1655 ஆல பிரிச்சா 3.401, 40 ஆல பெருக்கினா 136.0 லட்சம், 120 போக 16 லட்சம் தேறுது. புதுசுக்கும் அதே படி: e^(−1.986) = 0.1372, 0.8628ஐ 0.1655 ஆல பிரிச்சா 5.213, தர 50, 260.6 லட்சம், 240 போக 20.6 லட்சம். அட்டவணை நட்டம் எண்டு தள்ளின மெசின் இப்ப 20 லட்சத்துக்கு மேல தந்து முன்னுக்கு நிக்குது. ரெண்டு மெசினுக்குமே பெறுமதி 8.75 வீதம் கூடியிருக்கு, அது 0.18ஐ 0.1655 ஆல பிரிச்ச விகிதம்தான், ஆயுள் எத்தனை வருசமா இருந்தாலும் அதே விகிதம்தான். புதுசில பெரிய தொகை இருக்கிறதால அந்த 8.75 வீதம் அங்க 21 லட்சமாத் தெரியுது, பழசில 11 லட்சமாத் தெரியுது, அதாலதான் ஒழுங்கு மாறுது.

ஆனா கையில காசில்லாமக் கடன் எடுத்துப் போட்டா? மாசா மாசம் வட்டி போடுற கடனில 18 வீதம் எண்டு சொன்னா மாசம் 1.5 வீதம், அதுக்கு r = 12 × ln 1.015 = 0.1787. அதைப் போட்டா பழசுக்கு 12¼ லட்சம், புதுசுக்கு 7 லட்சம், திரும்பவும் பழசு முன்னுக்கு வருது. பேப்பரில ரெண்டு இடத்திலயும் 18 எண்டுதான் இருக்கும், அதால வங்கியில இருந்து வரேக்க வட்டி எப்ப எப்ப முதலோட சேருது எண்டு கேக்காம வரவே கூடாது. 2022ல ட்ரெஷரி பில் வட்டி 30 வீதம் அளவுக்குப் போன நேரத்தில இந்தக் கணக்கைப் போட்டிருந்தா (வருச முடிவு வட்டியா எடுத்து) பழசுக்கு 111 லட்சம், புதுசுக்கு 182 லட்சம், ரெண்டுமே விலைக்குக் கீழ. அந்த நேரம் பில் வாங்கிப்போட்டு இருந்த ஆள் பிளாண்ட் போட்டவரை விட நல்லாச் செய்திருப்பார்.

ஆயுள் ஒண்டில்லையே, 5ஐயும் 12ஐயும் எப்பிடி ஒப்பிடலாம் எண்டு ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான். தேறினதை அந்த ஆயுளின்ர காரணியால பிரிச்சு வருசத்துக்கு எவ்வளவு எண்டு பாக்கலாம்: வைப்பு வட்டியில பழசு 16ஐ 3.401 ஆல பிரிக்க 4.7 லட்சம், புதுசு 20.6ஐ 5.213 ஆல பிரிக்க 4 லட்சம். அப்ப பழசுதான் நல்லது போலத் தெரியும். ஆனா இந்தக் கணக்கு 5 வருசம் முடிய அதே மாதிரி மெசின் அதே 120 லட்சத்துக்குத் திரும்பக் கிடைக்கும் எண்டு நம்புது. கம்ப்ரஸர் வெளிநாட்டுச் சாமான், 2022 மார்ச்சில 200 ரூபாய் அளவில நிண்ட டொலர் மே மாசத்துக்குள்ள 360 அளவுக்கு ஏறினதைப் பாத்த ஆக்களுக்கு அதை நம்பச் சொல்ல எனக்கு மனசு வரேல்ல. அதால நான் தேறின தொகையைத்தான் பாக்கிறன்.

அடுத்தது, வருமானம் உண்மையிலயே ஒரே மாதிரி ஓடுதா? கிழக்குக் கடலில நவம்பரில இருந்து ஜனவரி வரைக்கும் வடகீழ்ப் பருவக்காத்து, கடல் குழம்பி இருக்கும், ஐஸ் விக்காது. சரி, அந்த 3 மாசமும் ஒண்டுமே இல்ல, முழு வருச வருமானமும் மிச்ச 9 மாசத்தில சமமா வருது எண்டு கடுமையாவே வைச்சுப் பாப்பம். பெப்ரவரியில தொடங்கினா சீரான ஓட்டத்தை விட 2 வீதம் கூட வருது, நவம்பரில தொடங்கினா 2 வீதத்துக்குக் கொஞ்சம் மேல குறையுது. பெறுமதியில பாத்தா சின்ன வித்தியாசம், ஆனா விலையைக் கழிச்சுப்போட்டுப் பாருங்கோ: புது மெசினுக்கு பெப்ரவரித் தொடக்கம் 26 லட்சம், நவம்பர்த் தொடக்கம் 15 லட்சம். மெசின் அதேதான், தொடங்கிற மாசத்துக்கு மட்டும் 11 லட்சம் கிட்டப் போகுது. பழசில அதே வித்தியாசம் 19க்கும் 13க்கும் நடுவில. ஒழுங்கு மாறேல்ல, அதால எதை வாங்கிறது எண்டு முடிவெடுக்க K எண்ட ஒரே வீதம் போதும், எப்ப தொடங்கிறது எண்டதுக்குத்தான் பருவத்தைப் பாக்க வேணும்.

என்னை உண்மையில யோசிக்க வைக்கிறது மெசின் தேயிறது. ஐஸ் கேன் துருப்பிடிக்கும், கம்ப்ரஸர் தேயும், அதே கட்டிக்கு கரண்ட் கூட இழுக்கும், கையில நிக்கிற காசு வருசா வருசம் குறையும். அது d எண்ட வீதத்தில குறைஞ்சா ஓட்டம் K·e^(−dt), அதைத் தொகையிட்டா அதே சூத்திரம்தான், r இருக்கிற இடமெல்லாம் r + d. (ஐஸ் விலை செலவை விட வேகமா ஏறினா அதே மாதிரிக் கழிச்சுக்கொள்ளலாம்.) இப்ப கேள்வியைத் திருப்பிக் கேப்பம்: எவ்வளவு தேய்மானம் வரைக்கும் நட்டமில்லாம நிக்கும்? பழசு d = 0.05 எண்டாலும் 122.4 லட்சம், இன்னும் 2.4 லட்சம் தேறுது, 0.06க்குக் கிட்டப் போனாத்தான் பூச்சியம். புதுசு d = 0.02லயே 240.4 லட்சத்துக்கு வந்திடுது, கிட்டத்தட்டப் பூச்சியம். 0.05 எண்டா 214.5 லட்சம், 25 லட்சத்துக்கு மேல நட்டம். நீண்ட ஆயுள் இருக்கிற மெசினில பெறுமதி தூர வருசங்களில கிடக்கு, தேய்மானம் அந்த வருசங்களைத்தான் கூட அரிக்குது.

பழைய மெசின் கூடத் தேயும் எண்டது எல்லாருக்கும் தெரியும், ஆனா புது மெசினுக்குத் தாங்கிற சக்தி அதை விடக் குறைவு எண்டது இந்தக் கணக்கைப் போட்டாத்தான் தெரியும். அதால என்ர நிலைப்பாடு இதுதான்: மாச வட்டிக் கடனில எண்டா புதுசைத் தொட வேண்டாம், பழசையும் கம்ப்ரஸரைத் திறந்து பாத்த ஆள் சொன்னாத்தான் வாங்குங்கோ. சொந்தக் காசு எண்டா புதுசு நல்லம், ஆனா விக்கிற ஆளிட்ட வருசம் 12 ஓடுமோ எண்டு மட்டும் கேக்காம, இதே மொடல் நாலஞ்சு வருசமா ஓடிற இடம் ஒண்டைக் காட்டச் சொல்லி, அங்க ஒரு கட்டிக்கு எத்தனை யூனிட் போகுது எண்டு முதல் வருசத்துக் கரண்ட் பில்லோட வைச்சுப் பாருங்கோ. அந்த ரெண்டு பில்லில இருந்து கூடுதலாப் போற கரண்ட் காசைக் கணக்குப் பாத்து, இடையில போன வருச எண்ணிக்கையால பிரிச்சு, அது வருசத்துக்கு 1 லட்சத்துக்கு மேல, அதாவது 50 லட்சத்தில 2 வீதத்துக்கு மேல வருமானத்தைத் தின்னுது எண்டா அந்த மெசின் 240க்கு வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கோ.