மூன்று வருடம் வாட்ஸ்அப்பில் புடவை ஆஃபர் போட்டதில் கண்டது

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் டோங்காட்டில் புதிதாகப் புடவைக் கடை போட்டிருக்கும் தோழி போன வாரம் போன் பண்ணினாள். "அக்கா, ஸ்டேட்டஸ்ல ஒருநாள் ஆஃபர் போடலாம்னு இருக்கேன், உங்களுக்கு எப்படிப் போச்சு?" பாதிதான் சொல்ல முடிந்தது, மீதி இங்கே. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கடைக்கு மூன்று வருடமாக வாட்ஸ்அப் பிசினஸில்தான் ஆஃபர் போடுகிறேன்.

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது ஸ்க்ரீன்ஷாட். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆஃபரும் அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். மே மாதம் போட்ட 805 ராண்ட் படத்தை ஆகஸ்டில் ஒரு அம்மா கடைக்கு வந்து போனில் பெரிதாக்கிக் காட்டுகிறார், அதே நேரம் பக்கத்தில் ஒருவர் அதே புடவையை 1,150க்கு பில் போடச் சொல்லி நிற்கிறார். படத்தில் தேதியும் இல்லை, எத்தனை புடவை என்றும் இல்லை. எழுதாமல் விட்டது நான்தான். இரண்டு பேருக்கும் 805க்கே கொடுத்தேன்.

அந்த 805 என்ன விலை என்று அன்று ராத்திரிதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1,150இல் 15 சதவீத வாட் போனால் கடைக்கு நிற்பது 1,000. புடவை இங்கே வந்து சேர எனக்கு ஆன செலவு 600, ஆக லாபம் 400. 30 சதவீதம் தள்ளினால் விலை 805, வாட் போக 700, லாபம் வெறும் 100. வாடிக்கையாளர் கண்ணுக்கு 30தான் குறைந்தது, எனக்கு முக்கால்வாசி போய்விட்டது. ஒரு புடவையில் வந்த பணத்தைப் பார்க்க நான்கு புடவை விற்க வேண்டும். அதற்கு மேல் இலவச டெலிவரி என்று வேறு போட்டிருந்தேன், கூரியருக்கு 100 கொடுத்தால் கையில் ஒன்றுமில்லை.

அப்புறம்தான் முறையை மாற்றினேன். நன்றாக ஓடும் புடவையின் விலையைத் தொடுவதில்லை. ஒருநாள் ஆஃபர் என்றால் ஃபாலும் பிகோவும் இலவசம், எனக்கு 80 ராண்ட் செலவு, லாபம் 320 நிற்கிறது, புடவையின் விலையும் அப்படியே இருக்கிறது. விலை குறைப்பது தீபாவளி முடிந்தும் அலமாரியை விட்டு இறங்காத புடவைக்கு மட்டும். அதிலும் காவடிக்குப் போகும் மஞ்சளும் காவியும் வராது, அவை தை மாதத்தில் முழு விலைக்கே போய்விடும். படத்தின் மேலேயே எழுதிவிடுகிறேன்: "5 புடவை மட்டும், சனி மாலை 6 மணி வரை." இங்கே 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது: எத்தனை என்று சொல்லிவிட்டால் அத்தனையையும் அந்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். ஐந்து என்று போட்டுவிட்டு இரண்டோடு நிறுத்த முடியாது.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த நல்ல விஷயம் பிராட்காஸ்ட் லிஸ்ட். ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான், அதுவும் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். முதல் வருடம் இது பெரிய குறையாகப் பட்டது, பாதிப் பேருக்குப் போகவே இல்லை. ஆனால் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர் யார்? நம்மிடம் வருடக்கணக்காக வாங்குகிறவர்தான். தேங்கிய சரக்கின் விலை அவர்களோடு நின்றுவிடுகிறது, ஸ்டேட்டஸில் எல்லோர் கண்ணிலும் பட்டு "அது தள்ளுபடிக் கடை" என்ற பெயர் வருவதில்லை. பணம் வங்கியில் ஏறியதைப் பார்த்தபின்தான் புடவையை எடுத்து வைப்பேன், பணம் அனுப்பியாகிவிட்டது என்று காட்டும் பிஓபி படத்தை மட்டும் நம்புவதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். இங்கே நிறையப் பேருக்கு 25ஆம் தேதி சம்பளம், அதனால் நான்கு மாதம் தொடர்ந்து 25ஆம் தேதியே அனுப்பினேன். மூன்றாவது மாதமே 10ஆம் தேதிக்கு மேல் கடையில் ஆள் குறைந்தது. வந்தவர்களும் புடவையை விரித்துப் பார்த்துவிட்டு, "மாசக் கடைசியில லிஸ்ட்ல வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போது வருடத்துக்கு மூன்று முறைதான், எந்த மாதம் என்று யாருக்கும் சொல்வதில்லை.

தோழிக்கு நான் சொன்னது, லிஸ்ட் வைத்துக்கொள், ஸ்டேட்டஸில் புதுச் சரக்கை மட்டும் போடு, விலைக்குறைப்பு வேண்டாம். இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், இந்தத் தீபாவளிக்கு நான் லிஸ்ட்டிலும் எதுவும் அனுப்பப் போவதில்லை. நேற்றும் ஒருவர் அந்த மே மாதப் படத்தோடு வந்து நின்றார்.