கான்ஜி: பட்டியலா, சொல்லா?

டெல்லிக்கு ஜப்பானிய மொழி படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வாக்கிய அமைப்பு உங்களைப் பயமுறுத்தாது. வினை கடைசியில் வருவது தமிழில் நமக்குப் பழக்கம்தான். ஆளைச் சாய்ப்பது சீனத்திலிருந்து ஜப்பானிய மொழிக்கு வந்த கான்ஜி எழுத்துகள்.

ஓர் எழுத்தின் எல்லா உச்சரிப்புகளையும் பட்டியலாக மனப்பாடம் செய்யலாம். அல்லது சொல்லோடு சேர்த்துப் படிக்கலாம். முதல் பருவம் முழுக்க நான் பட்டியலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ‘பிறப்பு, உயிர்’ என்று பொருள்படும் எழுத்துக்கு சே, ஷோ, நமா, இ, உ என்று ஒப்பிப்பேன். பத்தியில் அதே எழுத்து வந்தால் எதைச் சொல்வது என்று தெரியாமல் நிற்பேன். அப்புறம் சொற்களுக்கு மாறினேன். கக்குசே என்றால் மாணவர், தன்ஜோபி என்றால் பிறந்தநாள், உமரேரு என்றால் பிறப்பது. ஒரே எழுத்து, மூன்று ஒலி. சொல் தெரிந்தால் ஒலி தானே வரும்.

சரி, பட்டியல் வீணா? இல்லை. தெரியாத இரட்டை எழுத்துச் சொல்லை ஊகிக்க, சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பு பெரும்பாலும் உதவும். அதை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் சொல் வழியாக வரட்டும்.

எந்த வழியானாலும் கையால் எழுதிப் பாருங்கள். ‘காத்திரு’, ‘பிடி’ இரண்டுக்கும் வலப்பக்கம் ஒன்றுதான், இடப்பக்கம் மட்டுமே வேறு. கண்ணால் மட்டும் படித்தால் தேர்வில் இங்கேதான் மாறிப்போகும்.