சிவப்பு வெள்ளைக் கட்டக் கொடி: மணலோடு நிற்பதா, மேட்டுக்கு ஓடுவதா?

ஓசூரில் வேலை பார்க்கும் சித்தி மகன் கம்பெனி வேலையாக ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று போன இடங்களில் எடுத்த கடற்கரைக் கொடிப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் வரிசையாகப் போட்டிருந்தான். கிருஷ்ணகிரியிலிருந்து பெரியப்பா வீட்டார் அந்தப் பக்கம் சுற்றுலா கிளம்ப இருப்பதால் பெரியப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "எதைப் பார்த்தா உடனே ஓடி வரணும்?" அவருக்காகப் படங்களை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தேன்.

முதல் ஜோடிதான் அதிகம் ஏமாற்றும். மேல் பாதி சிவப்பும் கீழ் பாதி மஞ்சளுமான கொடி ஒரு படத்தில், முழுச் சிவப்புக் கொடி இன்னொன்றில். சிவப்பைக் கண்டதும் விலகுவது நம் வழக்கம். ஆனால் சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவே குளிக்கலாம், உயிர்காப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அதைப் பார்த்துப் பயந்து, கொஞ்சம் தள்ளி அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில் இறங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். ஒகேனக்கல்லில் இரைச்சல் போடும் தண்ணீருக்குப் பயந்து பழகியவர்கள் நாம். கடலில் பல நேரம் கதை தலைகீழ். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கொஞ்சம் கருத்துத் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கமாக நீந்தலாம். கொடிகளுக்கு நடுவே இறங்கியவருக்கும் ஒரு வேலை உண்டு. அலை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகும் என்பதால், அவ்வப்போது கொடிகளைத் திரும்பிப் பார்த்து நடுவுக்கு வந்துவிட வேண்டும்.

முழுச் சிவப்புக்கு ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் ஒரே பொருள்தான்: தண்ணீரில் இறங்காதே. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒற்றைச் சிவப்பு என்றால் ஆபத்து அதிகம், அலையோ நீரோட்டமோ பலமாக இருக்கிறது என்று அர்த்தம்; கடல் மூடப்பட்டது என்று சொல்ல இரண்டு சிவப்புக் கொடிகள் ஏற்றுவார்கள். நம்மைப் போல அலைக்குப் பழகாதவர்களுக்கு இந்த வித்தியாசம் தேவையே இல்லை என்பது என் கணக்கு. ஒன்றோ இரண்டோ, கரையிலேயே இருந்துவிடலாம்.

பெரியப்பாவின் கேள்விக்கு நேரான பதில் அடுத்த ஜோடியில் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டம் போட்ட கொடி, ஆஸ்திரேலியப் படத்திலும் ஜப்பான் படத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கிறது. இரண்டு ஊரிலும் உடனே தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறி எங்கே நிற்பது என்பதில்தான் உயிர்போகும் வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் அது கடலைக் காலி செய்யச் சொல்லும் அவசரக் கொடி. சுறா தென்பட்டாலும் ஏற்றுவார்கள். மணலுக்கு வந்து உயிர்காப்பாளர் அடுத்துச் சொல்வதைக் கேட்டால் போதும். ஜப்பானில் அதே கொடி சுனாமி எச்சரிக்கை. காற்றிலும் அலைச் சத்தத்திலும் சைரன் காதில் விழாமல் போகலாம், காது கேளாதவர்களுக்குத் தெரியாமலே போகலாம் என்பதால் 2020இல் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கே மணலில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. செருப்பு, பை எதையும் தேடாமல் உயரமான இடத்துக்கோ சுனாமிப் புகலிடமாகக் குறித்த கட்டடத்துக்கோ போய்விட வேண்டும்; எச்சரிக்கை விலகும்வரை இறங்கி வரக் கூடாது. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், ஜப்பான் கடற்கரையில் உட்காரும் முன்பே மேட்டுக்கு எந்த வழி என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மற்றவை அவ்வளவு அவசரமில்லை. கருப்பு வெள்ளைக் கட்டக் கொடி அலைப்பலகைக்காரர்களின் எல்லை. அங்கே குளித்தால் பலகை மண்டையில் இடிக்கும். ஊதா நிறம், கொட்டும் ஜெல்லி மீன் போன்றவை இருப்பதைச் சொல்வது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை தொங்கினால் காற்று கடல் பக்கம் வீசுகிறது என்று பொருள். காற்றடைத்த மிதவையில் பேரனை உட்கார வைத்தால் அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம் பலகைகள். மஞ்சள் பலகை அந்த இடத்தில் என்ன ஆபத்து என்று எச்சரிக்கும். சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு போட்டிருந்தால் அந்தச் செயலுக்கே தடை. பலகை என்றைக்கும் நிற்பது, கொடி அந்த நேரத்துக்கானது. நீரோட்டம் இடம் மாறினால் உயிர்காப்பாளர்கள் சிவப்பு மஞ்சள் கொடிகளையும் பிடுங்கி வேறு இடத்தில் நடுவார்கள். பணி முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அதனால் காலையில் எடுத்த படத்தைப் பார்த்து மாலையில் அதே இடத்தில் இறங்கக் கூடாது. கொடியே இல்லாத கரையில் கண்காணிக்க ஆள் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.